ஏஎன்ஏ பேட்டர்ன்: ரிப்போர்ட்டில் வரும் சொற்களும் அவை சுட்டும் நோய்களும்

நான் வேலை பார்ப்பது ஒரு இம்யூனாலஜி லேபில். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் வீடு சேர்வதற்குள் போன் செய்து கேட்பதும், புதிதாக மைக்ராஸ்கோப்பில் உட்காரும் ஜூனியர்கள் கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். அவற்றை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிதானவை முன்னால், சிக்கலானவை பின்னால். எந்த மருந்து எடுப்பது என்பது இதில் இல்லை. அது உங்கள் டாக்டரோடு பேச வேண்டியது.

ஏஎன்ஏ பாசிட்டிவ்னு போட்டிருக்கு. அப்போ எனக்கு லூபஸா?

இதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. நம் செல்லின் உட்கருவில் இருக்கும் பொருள்களையே அந்நியமாக எண்ணி உடல் உண்டாக்கும் ஆன்டிபாடிதான் ஏஎன்ஏ. நோய் ஏதும் இல்லாத நிறையப் பேரிடமும் இது கொஞ்சம் இருக்கிறது. 1997இல் பல லேப்கள் சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வில், ஆரோக்கியமானவர்கள் 100 பேரை எடுத்தால் 1:40 அளவில் சுமார் 32 பேரும், 1:80இல் 13 பேரும், 1:160இல் 5 பேரும், 1:320இல் 3 பேரும் பாசிட்டிவாக இருந்தார்கள். தைராய்டுக் கோளாறு, ஈரல் நோய், நாள்பட்ட தொற்று, சில மருந்துகள் ஆகியவற்றாலும் இது வரும்.

ஆனால் உடலின் எதிர்ப்புச் சக்தி தன் உறுப்புகளையே தாக்கும் நோயான லூபஸ் உள்ளவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் ஏஎன்ஏ பாசிட்டிவாக இருக்கும். அதனால்தான் ஐரோப்பிய, அமெரிக்க ருமட்டாலஜி அமைப்புகள் 2019இல் சேர்ந்து வகுத்த லூபஸ் அளவுகோலில், 1:80 அல்லது அதற்கு மேல் ஏஎன்ஏ இருந்தால்தான் மற்றதைக் கணக்கில் எடுக்கவே தொடங்குகிறார்கள். அது உள்ளே நுழைய ஒரு நிபந்தனை. அதற்கென்று தனி மதிப்பெண் கிடையாது. மூட்டு வீக்கம், சிறுநீரில் புரதம், ரத்த அணுக்கள் குறைவது போன்றவற்றுக்குத்தான் மதிப்பெண்.

ரத்தம் எடுத்துட்டுப் போய் அப்படி என்னதான் பண்றீங்க? ரெண்டு நாள் ஆகுதே?

ஹெப்-2 என்ற மனிதச் செல்களை ஒரு கண்ணாடி ஸ்லைடில் வளர்த்து, ரசாயனத்தால் நிலைப்படுத்தி, கம்பெனிகள் விற்கின்றன. உங்கள் ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை 1:80 அல்லது 1:100 என்று நீர்த்து அதன்மேல் விட்டு அரை மணி நேரம் வைக்கிறோம். ஆன்டிபாடி இருந்தால் தனக்குரிய பொருளைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். மிச்சத்தைக் கழுவிவிட்டு, மனித ஆன்டிபாடியைப் பிடிக்கிற, பச்சையாக ஒளிரும் சாயம் ஏற்றிய இன்னொரு ஆன்டிபாடியை விட்டு மறுபடி அரை மணி நேரம். திரும்பக் கழுவி, இருட்டறையில் ஃப்ளூரசன்ஸ் மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், ஆன்டிபாடி எங்கே ஒட்டியிருக்கிறதோ அந்த இடம் மட்டும் பச்சையாகத் தெரியும்.

வேலை என்னவோ இரண்டு மணி நேரம்தான். சாம்பிள்களைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் ஓட்டுவதாலும், பாசிட்டிவ் வந்ததை மேலும் நீர்த்து மறுபடி பார்ப்பதாலும், ஒருவர் பார்த்ததை இன்னொருவர் சரிபார்ப்பதாலும்தான் நாள் ஆகிறது.

1:100, 1:320, 2+, 3+... இதுல எதைப் பார்க்கணும்?

விகிதத்தைப் பாருங்கள். 1:320 என்றால், ஒரு பங்கு சீரத்தை 320 பங்காக நீர்த்த பிறகும் ஒளி தெரிந்தது என்று பொருள். இரண்டாவது எண் பெரிதாகப் பெரிதாக ஆன்டிபாடியும் அதிகம். 2+, 3+ என்பது ஒளி எவ்வளவு பளிச்சென்று இருந்தது என்பதற்குப் பார்த்தவர் கொடுக்கும் மதிப்பு. விளக்கு, ஸ்லைடு, கண் எல்லாவற்றையும் பொறுத்து அது மாறும்.

சில லேப்கள் 1:80, 1:160, 1:320, 1:640 என்று இரட்டித்துப் போவார்கள். சிலர் 1:100, 1:320, 1:1000, 1:3200 என்று போவார்கள். இரட்டித்துப் போகும் வரிசையில் ஒரு படி கூடுவதையும் குறைவதையும் மாற்றமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே ரத்தத்தை இரண்டு முறை ஓட்டினாலே அந்த அளவு வித்தியாசம் வரும்.

பேட்டர்ன்னா என்ன? பாசிட்டிவ்னு தெரிஞ்சா போதாதா?

எந்தப் பொருளுக்கு எதிரான ஆன்டிபாடி என்பதை, ஒளி எங்கே எப்படி விழுகிறது என்பதிலிருந்து ஊகிக்கலாம். டிஎன்ஏ-வுக்கு எதிரானது என்றால் குரோமோசோம் இருக்குமிடமெல்லாம் ஒளிரும். உட்கருமணிக்கு எதிரானது என்றால் உட்கருவுக்குள் இருக்கும் அந்தச் சில உருண்டைகள் மட்டும் ஒளிரும். நோய்க்கு நோய் ஆன்டிபாடி வேறு என்பதால், அடுத்து எந்த டெஸ்ட் செய்வது, உடம்பில் எதைத் தேடுவது என்று பேட்டர்ன் வழிகாட்டும். நோயின் பெயரை அது நேரடியாகச் சொல்லாது.

ஜூனியர்களுக்கு ஒன்று: ஓய்வில் இருக்கும் செல்லை மட்டும் பார்த்துப் பேட்டர்ன் சொல்லாதீர்கள். ஸ்லைடில் அங்கங்கே பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் இருக்கும். அவற்றில் குரோமோசோம்கள் நடுவில் ஒரு பட்டையாக வரிசை கட்டி நிற்கும். அந்தப் பட்டை ஒளிர்கிறதா, இருட்டாக இருக்கிறதா என்பதுதான் பாதித் தீர்ப்பு. முன்பு எலியின் ஈரல், சிறுநீரகத் துண்டுகளில் இந்த டெஸ்டைச் செய்தபோது பிரியும் செல்கள் அரிதாகவே கிடைத்தன. சென்ட்ரோமியர் போன்ற பேட்டர்ன்கள் கண்ணுக்குத் தப்பின. ஹெப்-2 வந்த பிறகு நிலைமை மாறியது.

ரிப்போர்ட்டில் ஏசி-1, ஏசி-4 என்று இருந்தால் அவை பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று பேட்டர்ன்களுக்குக் கொடுத்த எண்கள். பிரேசிலின் சாவோ பாலோவில் 2014இல் இந்த வேலை தொடங்கியது. ஒவ்வொரு லேபும் ஒவ்வொரு பெயர் வைத்துக் குழப்பிக்கொண்டிருந்த காலம் அதோடு ஓரளவு முடிந்தது.

ஹோமோஜீனியஸ்னு வந்திருக்கு. கூகுள்ல லூபஸ்னுதான் வருது.

ஏசி-1. உட்கரு முழுக்க ஒரே சீராக ஒளிரும். பிரியும் செல்லின் பட்டையும் அதேபோல் பளிச்சென்று ஒளிரும். டிஎன்ஏ, அதைச் சுற்றிவைத்திருக்கும் ஹிஸ்டோன் புரதம், இரண்டும் சேர்ந்த நியூக்ளியோசோம் ஆகியவற்றுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இந்தத் தோற்றத்தைத் தரும். லூபஸில் இது அடிக்கடி வருவது உண்மை. மருந்தால் வரும் லூபஸ், குழந்தைகளின் ஒருவகை மூட்டுவாதம், தன்னெதிர்ப்பால் வரும் ஈரல் அழற்சி ஆகியவற்றிலும் வரும்.

அடுத்து செய்ய வேண்டியது, இரட்டை இழை டிஎன்ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தேடும் டிஎஸ்-டிஎன்ஏ டெஸ்ட். அதில் கிரித்திடியா என்ற ஒற்றைச் செல் உயிரியை வைத்துச் செய்யும் முறை ஒன்று உண்டு. அதன் உடலில் கைனெட்டோபிளாஸ்ட் என்ற சின்னப் புள்ளியில் ஹிஸ்டோன் கலக்காத டிஎன்ஏ இருக்கிறது. அந்தப் புள்ளி ஒளிர்ந்தால் டிஎன்ஏ-வுக்கு எதிரான ஆன்டிபாடிதான் என்று ஏறக்குறைய உறுதி. எலைசா முறையில் லேசாகப் பாசிட்டிவ் வந்தால் அவ்வளவு நம்ப முடியாது. கூடவே சிறுநீரில் புரதம், சி3, சி4 என்ற ரத்தப் புரதங்களின் அளவு, ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்ப்பார்கள். இவை எல்லாம் சரியாக இருந்து, உடம்பிலும் தொந்தரவு இல்லை என்றால், ஹோமோஜீனியஸ் என்ற ஒரு சொல்லுக்காகத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

டிபி மாத்திரை நாலு மாசமா சாப்பிடுறேன். மூட்டு வலிக்குதுன்னு டெஸ்ட் எடுத்தா ஹோமோஜீனியஸ் 1:320. மாத்திரையாலயா?

இருக்கலாம். ஐசோனியாசிட் எடுப்பவர்களில் கணிசமானோருக்கு ஏஎன்ஏ பாசிட்டிவ் ஆகிறது. அவர்களில் மிகச் சிலருக்குத்தான் மூட்டு வலி, காய்ச்சல், நெஞ்சுச் சவ்வு அழற்சி என்று நோயாக வெளிப்படும். பிபி-க்குக் கொடுக்கும் ஹைட்ராலசின், இதயத் துடிப்புக்கான புரோகெய்னமைட் ஆகியவையும் இந்த வகையில் பேர் போனவை.

மருந்தால் வருவதில் பெரும்பாலும் ஹிஸ்டோன் ஆன்டிபாடி பாசிட்டிவ், டிஎஸ்-டிஎன்ஏ நெகட்டிவ், சி3, சி4 சரியான அளவில் இருக்கும். சிறுநீரகம் பாதிப்பது அரிது. மருந்தை நிறுத்தினால் வாரங்களில் அல்லது சில மாதங்களில் தொந்தரவு அடங்கும். ஏஎன்ஏ மட்டும் இன்னும் நீண்ட காலம் பாசிட்டிவாகவே இருக்கலாம். ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டிபி மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டிபி சிகிச்சையில் பைராசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றுவதாலும் மூட்டு வலி வரும். அது இதைவிடச் சாதாரணம். டாக்டர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

ஸ்பெக்கிள்ட்னா? அதுலயே ஃபைன், கோர்ஸ்னு வேற போட்டிருக்காங்க.

உட்கரு முழுதும் புள்ளி புள்ளியாக ஒளிரும். பிரியும் செல்லின் பட்டை மட்டும் இருட்டாக இருக்கும். புள்ளிகள் கோலமாவு தூவினாற்போல் இருந்தால் ஃபைன், ரவை சிந்தினாற்போல் இருந்தால் கோர்ஸ்.

ஃபைன், அதாவது ஏசி-4, பெரும்பாலும் ரோ, லா என்ற ஆன்டிபாடிகளைச் சுட்டும். ரிப்போர்ட்டில் எஸ்எஸ்ஏ, எஸ்எஸ்பி என்று இருப்பவையும் இவைதான். கண்ணும் வாயும் உலரும் ஷோகிரென் நோய், லூபஸ், வெயில் பட்டால் தடிக்கும் ஒருவகைத் தோல் லூபஸ் ஆகியவற்றில் இது வரும். தோலையும் தசையையும் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸின் சில ஆன்டிபாடிகளும் இப்படித்தான் தெரியும். கோர்ஸ், அதாவது ஏசி-5, எஸ்எம், யு1-ஆர்என்பி ஆகிய இரண்டைத் தேடச் சொல்லும். எஸ்எம் லூபஸுக்கே உரியது. ஆனால் லூபஸ் உள்ளவர்களிலும் சிறு பகுதியினரிடம்தான் இருக்கும். ஆர்என்பி மட்டும் பெரிய அளவில் இருந்து, விரல்கள் வீங்கி, குளிரில் வெளுத்தால் கலப்பு இணைப்புத்திசு நோய் என்ற பக்கம் யோசிப்பார்கள்.

ஆரோக்கியமானவர்களிடம் குறைந்த அளவில் வரும் ஏஎன்ஏ-வும் பெரும்பாலும் ஸ்பெக்கிள்டாகத்தான் இருக்கும். ஃபைனா கோர்ஸா என்பதில் அனுபவமுள்ள இரண்டு பேரே வேறுபடுவார்கள். அதனால் அந்தச் சொல்லைவிட, ஒவ்வொரு ஆன்டிபாடியையும் தனித்தனிப் பட்டையில் பார்க்கும் புரொஃபைல் என்ற அடுத்த டெஸ்டில் எது பாசிட்டிவ் என்பதுதான் பேசும்.

டென்ஸ் ஃபைன் ஸ்பெக்கிள்ட், 1:640. இவ்ளோ அதிகமா? ரொம்ப மோசமா?

இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் பதில் பெரும்பாலும் நல்ல செய்தி. ஏசி-2 என்ற இதில் புள்ளிகள் நெருக்கமாக, அளவிலும் ஒளியிலும் சீரில்லாமல் இருக்கும். பிரியும் செல்லின் பட்டையிலும் அதே புள்ளிகள் பளிச்சென்று தெரியும். மேலே சொன்ன ஏசி-4இல் பட்டை இருட்டு, இதில் பட்டை ஒளிரும்: அதுதான் வித்தியாசம். அவசரத்தில் பார்த்தால் ஹோமோஜீனியஸ் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதிய ரிப்போர்ட்டோடு லூபஸ் பயத்தில் அலைபவர்கள் உண்டு.

இதற்குக் காரணமான ஆன்டிபாடிக்கு டிஎஃப்எஸ்-70 என்று பெயர். தன்னெதிர்ப்பு நோய் உள்ளவர்களைவிட, அது இல்லாதவர்களிடம்தான் இது தனியாகக் காணப்படுகிறது. 1:640, 1:1280 என்றுகூட வரும். அளவு பெரிதாக இருப்பதால் நோய்க்கான வாய்ப்பு கூடிவிடாது. ஆனால் 'தனியாக' என்பதைக் கவனியுங்கள். டிஎஃப்எஸ்-70 பாசிட்டிவ் என்று வேறு டெஸ்டில் உறுதியாகி, ரோ, எஸ்எம், டிஎஸ்-டிஎன்ஏ போன்றவை எல்லாம் நெகட்டிவாக இருந்தால்தான் இந்த ஆறுதல் பொருந்தும். கண்ணால் பார்த்த பேட்டர்னை மட்டும் நம்பி விட்டுவிடக் கூடாது.

வயசு 29. ஃபைன் ஸ்பெக்கிள்ட் 1:320. புரொஃபைல்ல ரோ-60, ரோ-52, லா மூணும் பாசிட்டிவ். கை மூட்டு வலி தவிர ஒண்ணும் இல்ல. குழந்தைக்கு முயற்சி பண்றோம். இது பிரச்சினையா?

முதலில் ரிப்போர்ட்டை உள்ளுக்குள் ஒப்பிட்டுப் பார்ப்போம். பேட்டர்ன் ஏசி-4, அது எதிர்பார்க்கச் சொன்ன ரோவும் லாவும்தான் புரொஃபைலில் வந்திருக்கின்றன. ஸ்லைடும் புரொஃபைல் பட்டையும் ஒன்றையே சொல்வதால் இது உண்மையான பாசிட்டிவ். அடுத்து, உங்களுக்கு ஒன்றும் இல்லையா, இல்லை பழகிவிட்டதா என்று டாக்டர் துருவுவார். சாப்பாட்டை விழுங்கத் தண்ணீர் வேண்டியிருக்கிறதா, காலையில் கண்ணில் மண் விழுந்ததுபோல் உறுத்துகிறதா, பற்கள் வேகமாகச் சொத்தையாகின்றனவா என்று கேட்பார். கீழிமையில் ஒரு காகிதப் பட்டையை மாட்டி 5 நிமிடத்தில் எத்தனை மில்லிமீட்டர் நனைகிறது என்று பார்ப்பார்கள். 5 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ என்றால் கண்ணீர் குறைவு. ரத்த அணுக்கள், சிறுநீர்ப் புரதம், டிஎஸ்-டிஎன்ஏ ஆகியவற்றையும் பார்த்துவிட்டால், ஷோகிரெனா, லூபஸா, இப்போதைக்கு ஆன்டிபாடி மட்டும்தானா என்பது தெளிவாகும்.

குழந்தை விஷயம் தனி. அதில் உங்களுக்கு நோய் இருக்கிறதா இல்லையா என்பது முக்கியமில்லை; ஆன்டிபாடி இருப்பதே போதும். ரோ ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போய், இதயத்தில் துடிப்புச் செய்தி போகும் பாதையை அரிதாகப் பழுதாக்கும். ரோ பாசிட்டிவான தாய்மார்களில் 100க்கு ஒருவர் அல்லது இருவரின் குழந்தைக்குத்தான் இது நேர்கிறது. நேர்ந்தால் பெரும்பாலும் கருவின் 18 முதல் 24 வாரங்களுக்குள். முதல் குழந்தைக்கு நேர்ந்திருந்தால் அடுத்த குழந்தைக்கு வாய்ப்பு சுமார் 100க்கு 15, 18 என்று ஏறும். அதனால் கர்ப்பம் உறுதியானதும் மகப்பேறு டாக்டரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டுங்கள். அந்த வாரங்களில் குழந்தையின் இதயத்துக்கு எக்கோ பார்ப்பார்கள். ஹைட்ராக்சிகுளோரோகுயின் கொடுப்பதா என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்வார்கள். கர்ப்பம் தரிக்கக் கூடாது என்று யாராவது சொன்னால் அதற்கு இந்த ரிப்போர்ட் காரணமாகாது.

சென்ட்ரோமியர் பேட்டர்ன்னு வந்திருக்கு. குளிர்ல விரல் வெளுக்கும், அவ்வளவுதான்.

மற்ற பேட்டர்ன்களில் புரொஃபைல் வரும்வரை பொறுக்கச் சொல்வேன்; இதில் கண்ணால் பார்ப்பதே ஏறக்குறைய போதும். ஓய்வு செல்லில் 40 முதல் 80 வரை தனித்தனிப் புள்ளிகள், எண்ணிவிடலாம் போல. பிரியும் செல்லில் அத்தனையும் பட்டையில் வரிசையாக நிற்கும். வேறு எதுவும் இப்படித் தெரியாது.

இது தோல் இறுகும் நோயான ஸ்கிளீரோடெர்மாவில், கைவிரல்களோடும் முகத்தோடும் பெரும்பாலும் நிற்கும் வகையைச் சுட்டும். விரல் வெளுப்பது, அதாவது ரேனாட், பல ஆண்டுகள் முன்னால் வந்து தனியாகவே நிற்பதும் உண்டு. 2013இன் அளவுகோலில் 9 மதிப்பெண் வந்தால் ஸ்கிளீரோடெர்மா. உங்களுக்கு ஆன்டிபாடிக்கு 3, ரேனாடுக்கு 3, ஆக 6. நகக்கண்ணின் நுண்குழாய்களை லென்ஸில் பார்த்து மாற்றம் இருந்தால் இன்னும் 2, அப்போதும் 8தான். விரல்கள் புசுபுசுவென்று வீங்கியிருந்தால் 2 கூடி 10 ஆகிவிடும். ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில் விரலில் இருக்கிறது. நோய் உறுதியானால், நுரையீரல் ரத்தக்குழாய் அழுத்தம் ஏறுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பது வழக்கம். ஈரலின் ஏஎல்பி அளவையும் ஒருமுறை பாருங்கள். பித்தக்குழாய்களைத் தாக்கும் பிபிசி என்ற நோய் இந்த ஆன்டிபாடியோடு சேர்ந்து வருவதுண்டு.

நியூக்ளியோலார்னா அதுவும் ஸ்கிளீரோடெர்மாதானா?

உட்கருமணி மட்டும் ஒளிர்வதுதான் நியூக்ளியோலார். பெரிய அளவில் வந்தால் ஸ்கிளீரோடெர்மாவைத்தான் முதலில் நினைப்போம். ஒளி சீராகவா, கட்டி கட்டியாகவா, சில புள்ளிகளாகவா என்பதைப் பொறுத்து ஏசி-8, ஏசி-9, ஏசி-10 என்று பிரிப்பார்கள். தசை அழற்சியும் ஸ்கிளீரோடெர்மாவும் கலந்து வருபவர்களிடமும் இது தெரியும். ஆனால் குறைந்த அளவில், வேறு தொந்தரவு இல்லாமல், இது ஒன்றும் அரிதில்லை. தோல் இறுகும் நோயில் முக்கியமான எஸ்சிஎல்-70 இதில் சேராது. அதற்கு ஏசி-29 என்று தனிப் பேட்டர்ன்.

ஏஎன்ஏ நெகட்டிவ், ஆனா சைட்டோபிளாஸ்மிக் பாசிட்டிவ்னு கீழே ஒரு வரி. அது பரவாயில்லதானே?

அந்த வரியை விட்டுவிடாதீர்கள். உட்கரு இருட்டாக இருந்து, அதைச் சுற்றியுள்ள பகுதி ஒளிர்ந்திருக்கிறது. பெயரில் உட்கரு என்று இருப்பதால் சில லேப்கள் இதை நெகட்டிவ் என்றே முடித்துவிடுகின்றன. சில நோய்களின் ஆன்டிபாடி இங்கேதான் தெரியும்.

மூன்று மட்டும் சொல்கிறேன். வலை பின்னினாற்போல் சொரசொரப்பாக ஒளிர்ந்தால் ஏசி-21. அது மைட்டோகாண்ட்ரியா ஆன்டிபாடி. நடுத்தர வயதுப் பெண்ணுக்கு அரிப்பும் ஏஎல்பி உயர்வும் இருந்து இது வந்தால் பிபிசி என்ற பித்தக்குழாய் நோய் கிட்டத்தட்ட உறுதி. மெல்லிய புள்ளிகளாக இருந்தால் ஏசி-20. தசை அழற்சியில் வரும் ஜோ-1 ஆன்டிபாடி இப்படித் தெரியலாம். தொடை வலுவிழந்து மாடிப்படி ஏற முடியாமல், வறட்டு இருமலும் இருப்பவருக்கு இது வந்தால் தசைச் சேதத்தைக் காட்டும் சிகே அளவும் நெஞ்சு சிடி-யும் தள்ளிப்போடக் கூடாதவை. அடர்த்தியாக இருந்தால் ஏசி-19. லூபஸில் வரும் ரைபோசோம்-பி அதில் ஒன்று.

ஒரு லேப்ல ஹோமோஜீனியஸ், இன்னொரு லேப்ல ஸ்பெக்கிள்ட். யார் பண்ணது தப்பு?

இருவருமே சரியாகச் செய்திருக்கலாம். ஸ்லைடு கம்பெனிக்குக் கம்பெனி செல்லை நிலைப்படுத்தும் விதம் மாறும். ஒளிரும் சாயம் மாறும். பார்ப்பவரின் கண் மாறும். அதோடு, ஒரே ரத்தத்தில் இரண்டு ஆன்டிபாடிகள் இருந்தால் ஒன்று மற்றொன்றை மறைக்கும். டிஎன்ஏ-வுக்கு எதிரானது பலமாக இருந்தால் 1:100இல் உட்கரு முழுக்கப் பச்சை. உள்ளே இருக்கும் புள்ளிகள் தெரியாது. அதையே 1:1000க்கு நீர்த்தால் ஹோமோஜீனியஸ் மங்கி, ஸ்பெக்கிள்ட் வெளியே வரும். இரண்டையும் எழுதி, எது எந்த அளவு வரை என்று குறிப்பிடும் ரிப்போர்ட்தான் நல்ல ரிப்போர்ட்.

எலைசா முறையில் செய்த ஏஎன்ஏ-வோடு இதை ஒப்பிடவே வேண்டாம். அதில் பேட்டர்ன் கிடையாது. தட்டின் சிறு குழிகளில் பூசிவைத்த சில ஆன்டிஜென்களுக்கு மட்டும்தான் விடை கிடைக்கும்.

சிகிச்சை ஆரம்பிச்சு ஆறு மாசம். ஏஎன்ஏ குறைஞ்சிருக்கான்னு மறுபடி பார்க்கலாமா?

காசு வீண். நோய் அடங்கினாலும் ஏஎன்ஏ அப்படியே நிற்கும்; நோய் ஏறும்போது அதுவும் சேர்ந்து ஏறும் என்றும் இல்லை. லூபஸில் ஏற்ற இறக்கத்தைப் பார்க்க டிஎஸ்-டிஎன்ஏ, சி3, சி4, சிறுநீர்ப் புரதம் இருக்கின்றன. முன்பு நெகட்டிவாக இருந்தவருக்குப் புதிதாக அறிகுறி வந்தாலோ, பழைய ரிப்போர்ட் சந்தேகமாக இருந்தாலோ மட்டும் திரும்ப எடுக்கலாம்.

ஸ்லைடுல ஏஎன்ஏ நெகட்டிவ். புரொஃபைல்ல மட்டும் ஒரு பட்டை பாசிட்டிவ். எதை நம்புறது?

எந்தப் பட்டை என்பதைப் பொறுத்தது. ரோ-60 சில ஸ்லைடுகளில் செல்லை நிலைப்படுத்தும்போதே கரைந்துபோகும். ரோ-52 ஹெப்-2இல் தனிப் பேட்டர்ன் எதையும் தராது. ஆகவே கண், வாய் உலர்வு இருப்பவருக்கு, அல்லது குழந்தையின் இதயத் துடிப்பு மெதுவாக இருக்கும் கர்ப்பிணிக்கு, ஸ்லைடு நெகட்டிவ் என்று நிறுத்தாமல் ரோவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். ஜோ-1, ரைபோசோம்-பி பற்றி சைட்டோபிளாசக் கேள்வியில் சொன்னது இங்கும் பொருந்தும்.

எஸ்சிஎல்-70, பிஎம்-எஸ்சிஎல் பட்டைகள் மெலிதாக வந்தால் கதை வேறு. இவை உண்மையாக இருந்தால் ஸ்லைடில் பெரும்பாலும் தெரிந்தே தீரும்: எஸ்சிஎல்-70க்கு ஏசி-29, பிஎம்-எஸ்சிஎல்லுக்கு நியூக்ளியோலார். ஸ்லைடு இருட்டாக இருந்து, ரேனாடும் இல்லை, தோல் இறுக்கமும் இல்லை என்றால் அந்தப் பட்டை பொய்யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படிப்பட்ட சாம்பிளை நாங்கள் இன்னொரு முறையில் ஓட்டிப் பார்ப்போம். அதிலும் வராவிட்டால், பட்டை மெலிது, ஸ்லைடு நெகட்டிவ் என்ற இரண்டையும் ஒரே வரியில் எழுதி அனுப்புவோம்; மெலிந்த பட்டையை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு அனுப்பினால் வீட்டில் என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியும்.